நீலம் பிடித்த எழுத்து

எங்கள் பனியன் கம்பெனிக்கு மெயிலில் வரும் நூல் இன்வாய்ஸை முதலில் திறப்பவள் நான். பிடிஎஃப்பில் எழுத்தின் மேல் மவுஸை இழுப்பேன். நீலம் பிடித்தால் நிஜ எழுத்து. புரோகிராமில் போட்டால் லாட் நம்பர் தானாகப் பட்டியலில் ஏறிவிடும். நீலம் பிடிக்காவிட்டால் வெறும் படம். அதைப் படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் சாஃப்ட்வேரில் போடவேண்டும். அந்தச் சாஃப்ட்வேர் சில நேரம் எட்டை மூன்று என்று படித்துத் தொலைக்கும். அதனால் படத்தையும் பட்டியலையும் பக்கத்தில் வைத்து இலக்கம் இலக்கமாகச் சரிபார்ப்பேன். இந்த முறையை வகுத்தவளே நான்தான். சாத்தான்குளத்திலிருந்து பெருமாநல்லூர் வந்து கம்ப்யூட்டர் ரூம் சாவியை வாங்கியவள் என்ற திமிர் எனக்கு நிறையவே உண்டு.

லாட் விஷயத்தில் விளையாட முடியாது. மில்லில் ஒரு தடவையில் ஓட்டிய நூல் ஒரு லாட்; ஒரே நூல்தான் என்றாலும் லாட் மாறினால் அது சாயம் குடிக்கிற விதமும் மாறும். இரண்டு லாட்டைச் சேர்த்துத் துணி ஓட்டினால், சாயத்துக்குப் போகும்வரை ஒன்றும் தெரியாது. சாயத்திலிருந்து வெளியே வரும்போது பட்டை பட்டையாகக் கோடு விழுந்திருக்கும். ஆடியில் ஒருமுறை அப்படி ஆனது. முதலாளி பொன்னுச்சாமி, நூல் குடோன் பார்க்கும் கந்தவேலைக் கூப்பிட்டார்.

"இன்னொருக்கா லாட் கலந்துச்சுன்னா வேற பக்கம் வேல பாத்துக்கங்க கந்தவேலு," என்றார். குரல் உயரவே இல்லை.

புரட்டாசியில் எங்களுக்கு நூல் அனுப்பும் மில்லிலிருந்து ஒரு இன்வாய்ஸ் வந்தது. மவுஸை இழுத்தேன், நீலம் பிடித்தது. புரோகிராமில் போட்டேன். லாட் 3186. குடோனில் ஏற்கெனவே 3186 இருந்ததால் இரண்டையும் ஒரே துணிக்கு ஒதுக்கிப் பட்டியல் அடித்துக் கொடுத்தேன்.

அரைமணி நேரத்தில் கந்தவேல் அண்ணாச்சி பட்டியலோடு வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, புது மூட்டைல 8186-ன்னு இருக்குதுங்க. இதுல மூணுன்னு போட்டிருக்குதுங்களே?"

"மூட்டைல மை இழுகியிருக்கும் அண்ணாச்சி. இது மில்லுக்காரன் கம்ப்யூட்டர் எழுத்து. நான் டைப் அடிச்சதா என்ன, தப்பு வரதுக்கு?"

"எல்லா மூட்டையிலயுமாங்க இழுகும்?"

"நீங்க மூட்டையப் பாருங்க, கம்ப்யூட்டர நான் பாத்துக்கிடுதேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பட்டியலில் 'சரி' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு போனார்.

ஆறு நாள் கழித்துத் துணி சாயப்பட்டறைக்குப் போன காலையில், அதே மில்லிலிருந்து அடுத்த இன்வாய்ஸ் வந்தது. திறக்கவே நேரமெடுத்தது. பழைய ஃபைல்கள் முப்பது கேபி இருக்கும்; இது தொள்ளாயிரம். போன வாரத்து ஃபைலின் அளவைப் பார்த்தேன், அதுவும் தொள்ளாயிரம். அதைத் திறந்து நானூறு சதவீதம் பெரிதாக்கினேன். எழுத்தின் ஓரமெல்லாம் பிசிறு. வரிகள் லேசாகச் சாய்ந்திருந்தன. மேலே ரப்பர் ஸ்டாம்ப். மில்லில் இப்போது பிரிண்ட் எடுத்து, சீல் குத்தி, ஸ்கேன் செய்து அனுப்புகிறார்கள். அவர்களுடைய ஸ்கேனரே படத்தைப் படித்து, தான் படித்ததைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தாக அதன்மேல் ஒட்டி வைத்திருக்கிறது. நீலம் பிடித்தது அந்த எழுத்து. காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டினேன். படத்தில் 8186. நோட்பேடில் 3186.

சாயப்பட்டறைக்குப் போன் அடித்தேன். துணி மிஷினில் ஏறி இரண்டு மணி நேரமாயிற்று என்றார்கள்.

சாயங்காலம் துணி வந்தது. கருநீலத்தில் கோடு கோடாக விழுந்திருந்தது. முதலாளி அதை மேஜைமேல் விரித்து, கையெழுத்துப் போட்ட பட்டியலைப் பக்கத்தில் வைத்தார்.

"உங்க கையெழுத்துதானுங்களே கந்தவேலு?"

"ஆமாங்க."

கந்தவேல் அண்ணாச்சி அவ்வளவுதான் சொன்னார். என்னை ஒருமுறை பார்த்தார். நான் சொல்லுவேன் என்று காத்திருந்தார். நான் துணியில் விழுந்த கோடுகளை எண்ணிக்கொண்டு நின்றேன். நானும் வேலைக்கு வந்தவள்தானே என்று மனசு நியாயம் பேசியது. வெட்கங்கெட்ட மனசு. அவர் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு, குடோன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் படத்தையும் நோட்பேடையும் பிரிண்ட் எடுத்து முதலாளி முன் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். கந்தவேல் அண்ணாச்சி வந்து கேட்டதையும், நான் சிரித்ததையும் சேர்த்தே சொன்னேன். முதலாளி இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நேத்து அவுரு இங்க நின்னப்ப நீ எங்க கண்ணு இருந்தே?"

"அவர் பக்கத்துலதான் சார் நின்னேன்," என்றேன்.