எட்டாவது சொத்து

ஆடிட்டர் மேடம் சொத்துப் பட்டியலைத் திருப்பி வெல்டர் பக்கம் தள்ளினார். பத்தொன்பது வருடம் வெளிநாட்டுக் கப்பல் பட்டறையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு இரும்பை ஒட்டிவிட்டுத் திரும்பியவர் வெல்டர். திரும்பி வந்தவர்களுக்கு என்று சட்டம் விட்டுவைத்த சலுகைக் காலம் முடிந்துவிட்டது. அங்கே இருப்பதையெல்லாம் வரிக் கணக்கில் காட்டவேண்டிய முதல் வருடம் இது. அதனால்தான் ஒன்றுவிடாமல் கைப்பட எழுதித் தரச் சொல்லியிருந்தார் மேடம்.

எழுதியதில் கள்ளம் ஒன்றும் இல்லை. சம்பளக் கணக்கு, சேமிப்புக் கணக்கு, இரண்டு இன்சூரன்ஸ், கம்பெனி கொடுத்த இருபது பங்கு, எப்போதோ திறந்து மறந்துபோன ஒரு கணக்கு. ஏழாவதாக அண்ணனோடு கூட்டாக வைத்திருந்த வங்கிக் கணக்கு. அதை மட்டும் எழுதி, மேலே கோடு போட்டு அடித்திருந்தார்.

"இதை ஏன் அடிச்சீங்க?"

"அதுல ஒண்ணுமில்ல மேடம். காலிக் கணக்கை எழுதி வம்பை விலைக்கு வாங்காதேன்னு அண்ணன் சொன்னாரு. அவர் இன்னும் அங்கதான் கடை வச்சிருக்காரு."

"காலியா இருந்தாலும் உங்க பேர் இருக்குல்ல? வருஷத்துல அதிகபட்சம் எவ்வளவு இருந்துச்சு, கடைசியில எவ்வளவு இருந்துச்சு, ரெண்டையும் எழுதணும். மறைச்சா அபராதம் உங்க தலையிலதான் விழும், அண்ணன் தலையில இல்ல. ஸ்டேட்மெண்ட் வாங்கிட்டு வாங்க."

அந்த ஊர் சிம் கார்டை ரத்து செய்ததோடு ஆன்லைனில் கணக்குப் பார்க்கும் வழியும் அடைபட்டுப்போயிருந்தது. கையெழுத்துப் போட்ட கடிதம், பாஸ்போர்ட் நகல் எல்லாம் வங்கிக்கு அனுப்பிப் பன்னிரண்டு நாள் காத்திருந்தார். மெயிலில் வந்ததைத் திறந்துகூடப் பார்க்காமல் மனைவியையும் கூட்டிக்கொண்டு மேடத்திடம் போனார். காலிக் கணக்கில் பார்க்க என்ன இருக்கிறது?

மேடம் பிரிண்ட் எடுத்து, பேனா முனையை ஒரு வரியில் வைத்தார். "மார்ச்சுல அந்த ஊர்க் காசுல அறுபத்திரண்டாயிரம் வந்திருக்கு. அனுப்பினது ஏதோ பில்டர். மூணாம் நாள் மொத்தமா எடுத்திருக்காங்க."

வெல்டர் தாளை இழுத்துத் தானே படித்தார். எட்டு வருட ஓவர்டைம் அது. அந்தக் கூட்டுக் கணக்கு வழியாக அங்கே ஒரு ஃப்ளாட்டுக்குக் கட்டிய பணம். கட்டடம் பாதியில் நின்றபோது, "பில்டர் ஓடிட்டான்டா, பணம் போனது போனதுதான்" என்று போனில் அழுதவர் அண்ணன். தன் பணம் போனதையும் மறந்து அவரைத் தேற்றியவர் வெல்டர். அந்த மடத்தனத்தை நினைத்தபோது அண்ணன் மேல் வருவதற்கு முன் தன் மேல்தான் கோபம் வந்தது.

மனைவி தாளை வாங்கிப் பார்த்தார். "மார்ச்சுலதானே அண்ணன் கடையைப் பெருசாக்கி போட்டோ அனுப்பினாரு? நாம வாடகை கட்ட என் வளையலை அடகு வச்சிட்டு, அந்த போட்டோவுக்கு வாழ்த்துச் சொன்னோம்."

வெல்டர் அங்கேயே போனைப் போட்டார்.

"அண்ணே, பில்டர் பணம் மார்ச்சுல வந்துச்சா?"

"கடைக்குப் பணமுடையா இருந்துச்சுடா. உனக்குத் தராம எங்க போகப்போறேன்? கூட்டுக் கணக்குதானே, எடுக்க எனக்கும் உரிமை இருக்கு. நீ அதை எழுதித் தொலைக்காதே. நாளைக்கு ஆயிரம் கேள்வி வரும். எழுதினா அண்ணன் தம்பி உறவு இதோட சரி."

"உறவா? அஞ்சு காசு போடாத கணக்கைத் துடைச்சு எடுத்தியே, அப்ப எங்க போச்சு அது? அழுது நடிச்சியே, அதுக்குக் கூலி எவ்வளவுன்னு சொல்லு, அதையும் கழிச்சுக்கறேன்." வாழ்க்கையில் முதல் முறையாக அண்ணனை ஒருமையில் பேசிவிட்டு போனை வைத்தார்.

மேடம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். "ஏழாவதைத் திருப்பி எழுதுங்க. அதிகபட்சம் அறுபத்திரண்டாயிரம், கடைசியில பூஜ்யம்."

"மேடம், எனக்கு வரவேண்டிய பணம் அங்க ஒருத்தர் கையில இருந்தா, அதுவும் சொத்துதானே?"

"வரவேண்டியதும் சொத்துதான். எழுதிடறது நல்லது. ஆனா யார்கிட்ட, எந்த முகவரின்னு தெளிவா இருக்கணும்."

வெல்டர் புதுத் தாள் வாங்கி முதலிலிருந்து எழுதினார். ஏழாவதில் கோடு இல்லை. அதன் கீழே எட்டு என்று போட்டு, அண்ணன் பெயர், உறவு, தொகை, பணம் எடுத்த தேதி எல்லாம் எழுதினார். முகவரியில் தயங்கியபோது மனைவி போனில் அந்தக் கடை போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினார். புதுப் பலகையில் தெரு, எண் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

கையெழுத்துப் போட்டு முடிக்கும்போது அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. "எழுதலையே?"

வெல்டர் பதில் எழுதவில்லை. தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினார்.