கூடுதல் படங்களுக்கான கட்டணம்

ஒப்பந்தத்தில் நாற்பது படங்கள் என்றுதான் இருந்தது. இறந்துபோன மகளின் ஓவியங்களுக்கு ஓர் இணையதளம் கேட்டு வந்த வாத்தியார், அதை வரிவரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். வேலை முடிகிற வாரத்தில் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கட்டிலுக்கடியில் இன்னொரு பெட்டி கிடைத்ததாம். நூற்றெண்பது ஓவியங்கள். ‘இதையும் சேர்த்துடுங்கம்மா’ என்று எழுதியிருந்தார்.

இரண்டே பேர் உள்ள அலுவலகம் அது. வடிவமைப்பு தங்கையுடையது, கணக்கும் கடிதமும் அக்காவுடையவை. அக்காவுக்குக் காய்ச்சல் என்பதால் பதில் எழுதும் பொறுப்பு தங்கை தலையில் விழுந்தது.

“சும்மாவே போட்டுக் கொடுத்துடலாமாக்கா?” என்று போனில் கேட்டாள்.

“ஒவ்வொரு படத்தையும் வெட்டி, நிறம் சரிபண்ணி, தலைப்புப் போடணும். மூணு வாரம் ஓடிடும். அதுவரைக்கும் நாம காத்தைக் குடிச்சா இருக்கறது? பக்குவமா எழுது. ரெண்டு வழி காட்டு. நாம எப்பவும் அப்படித்தானே?”

தங்கை நாலு தடவை அழித்தழித்து எழுதினாள். ‘புதிய ஓவியங்கள் கிடைத்தது எங்களுக்கும் மகிழ்ச்சி. இவை நாம் பேசிய நாற்பதில் அடங்காதவை என்பதால், அனைத்தையும் சேர்க்க மூன்று வாரமும் கீழே குறித்துள்ள கூடுதல் கட்டணமும் ஆகும். அல்லது, நாற்பதுக்குள் எவை இருக்க வேண்டும் என்று நீங்களே மறுபடி தேர்ந்தெடுத்துத் தரலாம். அதற்குக் கட்டணம் இல்லை. உங்கள் விருப்பப்படியே செய்கிறோம்.’ அவளுக்கே அது அழகாகத்தான் பட்டது. அனுப்பினாள்.

இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் வாத்தியார் போன் செய்தார்.

“நீங்க கேட்டது நியாயம்மா. அதுல ஒரு குத்தமும் இல்ல. கூடுதலாக் கொடுக்க என்கிட்ட வழியில்ல. சரி, தேர்ந்தெடுப்போம்னு எல்லாத்தையும் தரையில பரப்பினேன். ஒண்ணை எடுத்து ஓரமா வச்சா, அவளையே ‘நீ போ’ன்னு சொல்ற மாதிரி இருக்கு. ரெண்டு நாளா அந்த அறையில நடக்க இடமில்ல.”

தங்கை உடனே சொன்னாள்: “அங்கிள், காசு வேண்டாம். நான் மெதுவா ஒண்ணொண்ணா போட்டுடறேன்.”

“வேண்டாம்மா. முதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா வாங்கியிருப்பேன். விலை தெரிஞ்சப்புறம் சும்மா வாங்க முடியல. பழைய நாற்பதே இருக்கட்டும். பெட்டியை மூடிட்டேன்.”

அக்காவிடம் சொன்னபோது, “நீ எழுதினதுல தப்பில்லடி” என்றாள். இருமல் அடங்கிய பிறகு அதையே இன்னொரு தடவையும் சொன்னாள்.

அன்று நாலு மணிக்குத் தளம் வெளியானது. தங்கை வழக்கம்போல ஒவ்வொரு படத்தையும் சொடுக்கிச் சோதித்தாள். நாற்பதும் பிசகில்லாமல் திறந்தன. ‘வேலை முடிந்தது’ என்று வாத்தியாருக்கு எழுத ஆரம்பித்தவள், அடுத்த வரியில் என்ன சொல்வதென்று தெரியாமல், அந்த ஒரு வரியையே அனுப்பினாள்.