தேவதானத்து மதிய ஷிப்ட்

ராஜபாளையத்தில் தங்கப்பாண்டியன் அண்ணாச்சி சமையல் ஒப்பந்தம் எடுத்தால் சாப்பாட்டில் குறை சொல்ல ஆள் கிடையாது. ஆள் போடுவதுதான் அவருக்குக் கோளாறு. ஆயிரம் பேர் விசேஷம் என்றால் நாற்பது பேரை விடியுமுன்பே வேனில் ஏற்றிவிடுவார். அத்தனை பேரும் இட்லிக்கு இலை போட்டுவிட்டு, வேலையில்லாமல் காய்கறி மூட்டைமேல் சாய்ந்து கிடந்து, சரியாக மதியப் பந்தி சூடு பிடிக்கும் நேரத்தில் கண் சொருகி நிற்பார்கள். ரசம் கேட்டவருக்குப் பாயசம் விழும்.

ஸ்டோர் ரூமில் பருப்பும் எண்ணெயும் அளந்து கொடுத்துக்கொண்டிருந்த சிவரஞ்சனிக்கு இதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஒருநாள் பொறுக்கமுடியாமல் சொல்லிவிட்டாள்.

"அண்ணாச்சி, தலையை எண்ணி ஆள் போடாதிய. பந்தியை எண்ணிப் போடுங்க."

அண்ணாச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அடுத்த மாதம் புதுக் கிளை திறப்பதாக இருந்தார். அதை மச்சினன் கையில் கொடுப்பதா என்று அவருக்கே பயம். மச்சினனுக்குச் சமையலில் தெரிந்த ஒரே வேலை சாப்பிடுவது.

"சரித்தா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு கல்யாணம் இருக்கு. நீயே ஆள் போடு. ஒழுங்கா முடிஞ்சா கிளை ஒனக்கு. சொதப்புனா பேசாம பருப்பை அள."

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போனது. மண்டபத்துக்கே போய் நாற்காலிகளை எண்ணினாள். நான்கு வரிசை, வரிசைக்கு ஐம்பது. காலையில் அறுநூறு பேர், மூன்று பந்தி. மதியம் ஆயிரத்து இருநூறு, ஆறு பந்தி. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து எழ அரை மணி, இலை எடுத்துத் துடைத்து மறுபடி இலை போட்டு உப்பும் ஊறுகாயும் வைக்கப் பத்து நிமிடம். ஆக, பதினொன்றுக்கு ஆரம்பித்தால் மூன்று மணிக்கு முடியும். டிபனுக்கு வரிசைக்கு மூன்று பேர் போதும், சாப்பாட்டுக்கு ஐந்து பேர் வேண்டும். இலை எடுக்கத் தனி ஆள். காலைக்குச் சேத்தூர்ப் பையன்கள் பதினைந்து பேர். டிபனை முடித்து மதியத்துக்கு மேசையும் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பவேண்டியது. மதியத்துக்குத் தேவதானத்துப் பெண்கள் இருபத்துநாலு பேர், பத்தே முக்காலுக்கு வந்து இறங்கவேண்டியது. வந்த வேனிலேயே சேத்தூர்க்காரர்கள் திரும்பிவிடலாம்.

தேவதானத்துக்குப் போன் போட்டபோது கூட்டத்தலைவி பாண்டிசெல்வி வழக்கமாகப் பண்ணும் அலம்பல் எதுவும் பண்ணவில்லை. களையெடுப்பு, காய்ச்சல், கொழுந்தியாள் வீட்டு விசேஷம் என்று எப்போதும் ஆறேழு பேர் கழன்றுகொள்வார்கள். இந்தமுறை தேதியைச் சொல்லி முடிக்குமுன்பே, "ஒருத்தி பாக்கியில்லாம வாரோம்" என்றாள். சிவரஞ்சனி பூரித்துப்போனாள். பாவம், அப்போதாவது ஏன் என்று கேட்டிருக்கலாம்.

கல்யாணத்தன்று டிபன் தடங்கலில்லாமல் முடிந்தது. சேத்தூர் லிங்கேஸ்வரனும் அவன் ஆட்களும் மேசைக்குப் பேப்பர் விரித்துத் தண்ணீர் பாட்டில் வைத்து மதியத்துக்கு எல்லாம் தயாராக்கி நின்றார்கள். சொன்ன நேரத்துக்கு வேனும் வந்தது. அண்ணாச்சியே மெச்சிக்கொண்டு மீசையைத் தடவினார்.

வேன் கதவு திறந்தது. பட்டுச்சேலை ஒன்று இறங்கியது. அடுத்து இன்னொரு பட்டுச்சேலை. இருபத்துநாலு பட்டுச்சேலைகளும் தலை நிறையப் பூவோடு இறங்கி நின்றன. எல்லார் கையிலும் மொய்க் கவர்.

"என்னக்கா இது கோலம்? யூனிபாரம் எங்கே?"

"பைக்குள்ள இருக்குத்தா. நம்ம கருத்தம்மா மக கல்யாணமுல்லா! அவ எனக்குச் சித்தி மக. இவளுக்கு நாத்தனா. அந்தா நிக்காளே, அவளுக்குச் சம்பந்தி முறை. மொய்யை எழுதிட்டு மொதப் பந்தியில ஒரு வாய் சாப்புட்டுட்டு வந்திருதோம். சாப்புடாம கரண்டியைத் தூக்குனா கருத்தம்மா மனசு சங்கட்டப்படும்" என்றாள் பாண்டிசெல்வி.

பெண் வீடு தேவதானம் என்பது பத்திரிகையிலேயே போட்டிருந்தது. நாற்காலியை எண்ணியவள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மொத்த மதிய ஷிப்டும் முதல் பந்தியில் உட்கார்ந்தால் பரிமாற யார்? அண்ணாச்சி தூணோரம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி பருப்பு மூட்டைதான் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

போதாக்குறைக்கு மணப்பெண்ணின் அம்மா கருத்தம்மாளே ஓடிவந்தார். "வாங்கட்டி, வாங்க! மொதல்ல உக்காந்து சாப்புடுங்க!" என்று ஒவ்வொருத்தி கையையும் பிடித்து இழுத்தார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் சிவரஞ்சனிக்கு அழுகை நின்றது.

"பெரியம்மா, செத்த நேரம் இருங்க. மொதப் பந்தி யாருக்கு?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரவியளுக்குத்தான். இதென்ன கேள்வி?"

"அவிய நாற்காலிக்குப் பின்னால நிக்க, பொண்ணு வீட்டு ஆளுக இருபத்துநாலு பேரு உக்காந்து சாப்புடப் போறாவளாம். உங்களுக்குச் சம்மதமா?"

கருத்தம்மாள் இழுத்த கையை அப்படியே விட்டார். பாண்டிசெல்வியின் முகம் மாறியது. "அட, நாம பொண்ணு வீடுல்லா! ஏட்டி, எடுங்கட்டி வாளியை! சம்பந்தி வீட்டுக்காரவ இலை பாத்து உக்காந்திருக்காவ!" என்று முந்தானையைச் செருகினாள். யூனிபாரத்தை யாரும் தொடவில்லை. பட்டுச்சேலையிலேயே பந்தி இறங்கியது.

அடுத்த வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. கூலிக்குப் பரிமாறுகிறவர்கள் கேட்டதைப் போட்டுவிட்டு நகர்வார்கள். இவர்கள் சம்பந்திகளை நகரவிட்டால்தானே! "இன்னும் ரெண்டு கரண்டி வாங்குங்க மச்சான்", "எம்புட்டு சாப்புட்டிய, இதெல்லாம் ஒரு சாப்பாடா?" என்று ஒவ்வோர் இலையிலும் ஒரு பஞ்சாயத்து. பாயசம் மூன்று முறை சுற்றியது. மாப்பிள்ளையின் சித்தப்பா, பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கைகூப்பிச் சரணடைந்தார். அரை மணியில் எழவேண்டியவர்கள் முக்கால் மணிக்குப் பின்தான் எழுந்தார்கள். அடுத்த பந்திக்காரர்கள் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் வந்து நின்று, சாப்பிடுகிறவரின் இலையையே முறைத்தார்கள்.

சாப்பிடுகிற நேரத்தை வெட்ட முடியாது. இலை மாற்றுகிற நேரத்தை வெட்டலாம். சிவரஞ்சனி வாசலுக்கு ஓடினாள். கல்யாணம் பார்க்கப் போன டிரைவர் திரும்பாததால் சேத்தூர்ப் பையன்கள் இன்னும் வேனிலேயே காத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏலே லிங்கேஸ்வரா, இறங்குலே! எல்லாரும் இலை எடுக்க வாங்க. வரிசைக்கு ஒருத்தன் எடுத்தா பத்து நிமிஷம். நாலஞ்சு பேரு எடுத்தா அஞ்சே நிமிஷம். கூட நிக்கிற நேரத்துக்குக் கூலி உண்டு."

"சாப்பாடு?"

"கடைசிப் பந்தியில மொத இலை ஒங்களுக்குத்தான்."

இறங்கிவிட்டார்கள். பாண்டிசெல்வியிடம், "மாப்பிள்ளை வீடு முடிஞ்சிட்டு. இனிமே உபசாரம் ஒரு தடவைதான்" என்று கறாராகச் சொன்னாள். பந்திக்கு ஐந்து நிமிடமாகச் சேர்த்துச் சேர்த்து, நான்காவது பந்தி உட்காரும்போது பழைய கணக்கைப் பிடித்துவிட்டாள்.

விருந்தாளிகள் எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் தேவதானமும் சேத்தூரும் ஒன்றாக உட்கார்ந்தன. கருத்தம்மாள் சிவரஞ்சனியையும் பிடித்து நடுவரிசையில் உட்காரவைத்தார். பரிமாற அவர் வீட்டார் சிலரும், வேட்டியை மடித்துக் கட்டிய தங்கப்பாண்டியன் அண்ணாச்சியும் வந்தார்கள்.

அண்ணாச்சி சாம்பார் வாளியோடு அவள் இலைக்கு முன்னால் நின்றார்.

"மூணு மணிக்கு முடிச்சிட்டே. ஆனா ஒங்கணக்கு தப்புத்தா."

"ஆமா அண்ணாச்சி. எத்தனை பந்தின்னு எண்ணுனேன். வாரது யாருன்னு கேக்கல." அவள் தலை குனிந்தது.

அவர் சாம்பாரை ஊற்றினார். "நான் இருபது வருசமா ரெண்டையும் கேக்கலையே" என்றார். "ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிளைக்கு நீதான். மச்சினன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். மண்டபத்துக்காரர் இப்பமே ரெண்டு விசேஷம் சொல்லுதாரு. அதுல ஒண்ணு பாத்தியன்னா..."

அவளுக்கு நெஞ்சு நிறைந்து கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு வரிசையை ஒரு பார்வை பார்த்தாள்.

"அண்ணாச்சி, பொறவு பேசுவோம். ரசக்காரி ஒங்களுக்குப் பின்னால நிக்கா. வரிசை தேங்குது, நகருங்க."

தங்கப்பாண்டியன் அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.