முதல் பக்கம்

கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பதினாறு வருடம் தினமும் நுழைந்த அதே கேட். "நேத்தோட உன் வேலை முடிஞ்சதும்மா, பேப்பர் இருக்கு" என்று செக்யூரிட்டி காட்டிய தாள் ஆங்கிலத்தில் இருந்தது. சரக்கைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவில் இருந்ததால் எல்லோருக்கும் செக்கிங் அக்காவான அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்த கையெழுத்து மட்டும் தெரிந்தது. அவள் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்துப் பெண்ணுடையது. தொழிற்சாலை முழுக்க டிகிரி என்று கூப்பிடுகிற பெண்.

டிகிரி அவள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அலுவலகத்தில் அவள் வேலை மொழிபெயர்ப்பு. தொழிலாளிகள் தமிழில் தரும் கடிதங்களை ஆங்கிலமாக்கி, 'மூலத்தில் உள்ளபடியே, முழுமையாக மொழிபெயர்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு வரிக்காகத்தான் அவளுக்குத் தனி மேஜை.

அன்று மாலை அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் செக்கிங் அக்கா படியில் நின்றிருந்தாள்.

"நான் மாசக் கடைசிவரைக்கும் வருவேன்னுதானே எழுதினேன்? உன் எதிரிலதானேடி எழுதினேன்?"

"ஆமாக்கா. அப்படித்தான் இங்கிலீஷ்ல மாத்தினேன்."

"அப்ப கேட்ல என்னை ஏன் நாயை விரட்டுற மாதிரி விரட்டினான்?"

உள்ளிருந்து டிகிரியின் அம்மா, "வாசல்ல என்னடி சத்தம், உள்ள வந்து பேசுங்க" என்றாள். அக்கா உள்ளே வரவில்லை.

அந்தக் கடிதம் டிகிரிக்கு மனப்பாடம். அதற்காக ஒரு முழு நாள் செலவழித்திருந்தாள். ஃப்ளோர் மேனேஜர் வாயில் வந்ததையெல்லாம் பேசுகிறான், கழிப்பறைக்குப் போனால் கடிகாரம் பார்க்கிறான் என்று அக்கா புகார் கொடுத்திருந்தாள். புகார் கொடுத்த மறுவாரமே செக்கிங்கிலிருந்து தூக்கி, மூட்டை ஏற்றும் லோடிங்கில் போட்டார்கள். முதுகு போனது. ராஜினாமா எழுதினாள். ஒரு வார்த்தை குறையாமல் எழுதினாள்: மதிப்பிற்குரிய ஐயா, புகாருக்குப் பிறகு எனக்கு நேர்ந்தவற்றால் வேலையிலிருந்து விலகுகிறேன், இந்த மாதத்தின் கடைசி நாளே என் கடைசி வேலை நாள், என் புகாரை நான் திரும்பப் பெறவில்லை, விசாரணைக்கு எப்போது அழைத்தாலும் வருவேன், பணிவுடன்.

அந்தப் 'பணிவுடன்' டிகிரியை ரொம்ப நேரம் உட்கார வைத்தது. அதை அப்படியே ஆங்கிலத்தில் கொட்டினால் காலில் விழுவது போலாகிவிடும். விட்டுவிட்டால் முகத்தில் அடித்தது போலாகிவிடும். தமிழில் அது தலை நிமிர்ந்தபடி சொல்லும் மரியாதை. அதே உயரத்தில் நிற்கிற ஆங்கில முடிப்பு ஒன்றைத் தேடிப் போட்டாள். 'விலகுகிறேன்' என்பதையும் அனுமதி கேட்பதாக இறக்காமல், முடிவைத் தெரிவிப்பதாகவே வைத்தாள். தேதியை எண்ணிலும் எழுத்திலும் போட்டாள். புகார் வரியைத் தனிப் பத்தியாக்கினாள், கண்ணில் படாமல் போகக் கூடாதென்று.

எல்லாம் முதல் பக்கத்தில் இருந்தது. உறுதிமொழியும் கையெழுத்தும் இரண்டாம் பக்கத்தில்.

பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் போடத்தான் பேனாவை எடுத்தாள். "எதுக்கு பக்கம் பக்கமா கிறுக்கிக்கிட்டு? கடைசியில போட்டா போதும். உன் மேல எனக்கு நம்பிக்கை இல்லையா?" என்றாள் மேடம்.

மேடம் மனிதவளப் பிரிவின் தலைவி. அவளும் முதல் பட்டதாரிதான். நேர்காணலில் டிகிரியின் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுலயும் நான்தான் முதல்ல. நம்ம கஷ்டம் நமக்குத்தான் தெரியும்" என்று சொல்லி வேலை கொடுத்தவள். ஆங்கிலக் கூட்டங்களில் டிகிரி திக்கினால் மேஜைக்கடியில் கையைப் பிடித்து அழுத்துவாள். அந்தக் கை சொன்னதால்தான் டிகிரி பேனாவை மூடினாள். நகல்கூட எடுக்கவில்லை. நம்பினவளுக்கு நகல் எதற்கு?

அக்கா படியில் நின்று கேட்ட மறுநாள், டிகிரி அந்தக் கடிதத்தின் கோப்பை எடுத்துப் பார்த்தாள். இரண்டாம் பக்கம் அவளுடையது. முதல் பக்கம் அவளுடையதில்லை. சொந்தக் குடும்பக் காரணங்களால் உடனடியாக விலகுகிறேன் என்றிருந்தது. புகார் தவறான புரிதலால் கொடுத்தது, திரும்பப் பெறுகிறேன், மன்னிக்கும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன் என்றும் இருந்தது. அக்கா வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சியவளில்லை. கம்ப்யூட்டரில் தன் கோப்பைத் தேடினாள். அதே பெயரில் இந்தப் பக்கம்தான் திறந்தது.

மேடத்திடம் போனாள். மேடம் கதவைச் சாத்தச் சொன்னாள்.

"நீ தப்பா மாத்தியிருந்த. நான் சரி பண்ணேன்."

"என் கையெழுத்து இருக்கு மேடம்."

"அதான் சொல்றேன். உன் கையெழுத்து இருக்கு. தப்புன்னு சொன்னா யார் தப்பு?" பிறகு குரலைத் தணித்தாள். "போனவளுக்காக நீ ஏன் போகணும்? உன் சம்பளத்தை நம்பியிருக்கிற உங்க அப்பாவை நினைச்சுப் பாரு. புதன்கிழமை விசாரணைக் குழு வருது. இது நீ மாத்தினதுதானான்னு கேட்டா ஆமான்னு சொல்லு. ஒரு நிமிஷ வேலை."

குழுவின் தலைவி வெளியிலிருந்து வந்த வழக்கறிஞர். தமிழ் தெரியாதவர். அவர் கையிலிருந்தது அந்த ஆங்கிலம்தான். புகாரே வாபஸ் என்றால் எதை விசாரிப்பது என்று கோப்பை மூடப் போனார். தமிழ் மூலம் எங்கே என்று அவர் கேட்டதற்கு, வழக்கமாக மொழிபெயர்ப்பு மட்டும்தான் வைப்போம் என்றாள் மேடம்.

புகார் கொடுத்தவள் என்று குழு அழைத்திருந்த செக்கிங் அக்கா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். கொடுத்த அன்று அலுவலகத்து 'பெறப்பட்டது' முத்திரை வாங்கிய தமிழ்க் கடிதம். அதை வைக்கும்போதுகூட டிகிரி பக்கம் திரும்பவில்லை.

"இது உங்கள் கையெழுத்தா?" என்று குழுத் தலைவி டிகிரியை ஆங்கிலத்தில் கேட்டார்.

மேடத்தின் கை மேஜைக்கடியில் வந்து அவள் கையைப் பிடித்தது. பழைய அழுத்தம், பழைய சூடு. அதுதான் தாங்கவில்லை.

டிகிரி கையை உருவிக்கொண்டாள். "கையெழுத்து என்னோடது. முதல் பக்கம் என்னோடது இல்ல. பக்கத்துக்குப் பக்கம் ஒப்பம் போடாதது என் தப்பு. அந்தத் தாளைக் கொடுங்க, வரி வரியா சொல்றேன்."

சொன்னாள். ஆங்கிலத்தில், திக்காமல் சொன்னாள். தேதியில் நிறுத்தினாள், புகார் வரியை இரண்டு முறை சொன்னாள். மேடம் சிரித்தாள். "ஒரே வீட்டுல குடியிருக்கிறவங்க. அவளுக்காகப் பேசாம வேற யாருக்காகப் பேசுவா?"

"அப்ப ரெண்டு பேருக்கும் சம்பந்தமில்லாதவரை வெச்சு மாத்திக்குங்க" என்றாள் டிகிரி.

தலைவி அப்படியே பதிவு செய்தார். வெளி மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுப்பது. முத்திரையுள்ள தமிழ்க் கடிதமே மூலம். அதுவரை புகார் நிலுவையில்.

மறுநாள் டிகிரி மேடத்தின் மேஜையில் தன் ராஜினாமாவை வைத்தாள். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்பம். கடைசி வரி: இரண்டுக்கும் வேறுபாடு வந்தால் தமிழே செல்லும்.

"எனக்கே பாடம் நடத்துறியா?"

"பக்கத்துக்குப் பக்கம் முத்திரை போட்டுக் கொடுங்க மேடம். நகலிலயும்."

முத்திரை விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் வாரம் குழுவிடமிருந்து அக்காவுக்கு உறை வந்தது. ஆங்கிலக் கடிதம். தபால்காரர் கீழ்வீட்டு வாசலில்தான் கொடுத்தார். டிகிரி கதவருகே நின்றிருந்தாள், கையை நீட்டலாமா என்று யோசித்தபடி. அக்கா உறையைப் பிரித்தாள், தாளை ஒருமுறை பார்த்தாள், மடித்தாள்.

"கொடுங்கக்கா, படிச்சுச் சொல்றேன்."

"பரவாயில்லம்மா. மருந்துக்கடைக்காரர் படிப்பாரு."

'டி' போட்டுக் கூப்பிட்டவள் 'ம்மா' என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். தெருவில் இறங்கி நடந்தாள், தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.