கவுண்டரில் இருப்பவர்

லாய்டின் பேக்கரி சாந்தோமில் இருந்தது. கடைக்கு மேல் மாடியில் குடும்பம். லாய்டின் தம்பி ஷெல்டன் கவுண்டரில் நிற்பான். ஷெல்டனின் மனைவி லிசா வீட்டிலிருந்தே பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். மாவு பிசைந்து பன் சுடுவது தாயம்மா. கிறிஸ்துமஸுக்குப் பிறகு வியாபாரம் இறங்கியதும், காரணம் தாயம்மாவின் கைதான் என்று லாய்ட் சொல்லத் தொடங்கியிருந்தார்.

வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பலாம் என்று கவுண்டரில் ஒரு நம்பரை ஒட்டி வைத்ததும் அவர்தான். மாதக் கடைசியில் கடை போனை லிசாவிடம் கொடுத்தார். பாராட்டு, குறை, மாற்ற வேண்டியது என்று மூன்றாகப் பிரித்து ஒரே பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்.

பேச்சை எழுத்தாக்கும் செயலியில் முதலில் போட்டுப் பார்த்தாள். ‘நல்லா கீது’ என்பதை அது ‘நல்ல கீதா’ என்று எழுதியது. அதை நம்ப முடியாமல் ஒவ்வொரு பதிவையும் காதிலேயே கேட்டாள். ஒரே பதிவில் பாராட்டும் குறையும் கலந்து வந்தால் இரண்டாகப் பிரித்து அந்தந்த இடத்தில் குறித்தாள்.

நான்காவது பதிவில் ஒரு மீன்காரம்மா பேசினாள்.

“பன்னு சும்மா பஞ்சாட்டம் கீதும்மா. ஆனா கவுண்டர்ல கீற ஆளு இன்னாத்துக்கு மூஞ்சிய திருப்பிக்கினு பாக்கி சில்லறைய வீசறாரு? நான் இன்னா பிச்சையா கேட்டேன்?”

லிசா பதிவை நிறுத்தினாள். அடுத்ததில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார், அடுத்து ஒரு கல்லூரிப் பெண். வேறு வேறு குரல்கள், வேறு வேறு நம்பர்கள். எல்லாரும் அதே ஆளைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஷெல்டன் எப்போது பின்னால் வந்து நின்றான் என்று அவள் கவனிக்கவில்லை. அவன் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மீதிப் பதிவுகளையும் கேட்டான். பிறகு, தன்னைப் பற்றியதையெல்லாம் சேர்த்து ‘சேவையில் தாமதம்’ என்று ஒரே வரியாக எழுதச் சொன்னான். பன் காய்ந்திருந்தது என்று மூன்று பதிவு இருப்பதால் அதை முதலில் போடச் சொன்னான். அந்த மூன்றும் ஒரே நம்பரிலிருந்து ஒரே அம்மா அனுப்பியவை. லிசா அதைச் சொன்னாள்.

“மூணு மூணுதானே லிசா. நாம இந்த வீட்டுலதான் இருக்கணும், ஞாபகம் வச்சுக்கோ.”

அவன் சொன்னபடியே எழுதினாள். பன்னைப் பற்றி மூன்று பதிவு என்பதாவது பொய் இல்லையே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் லாய்ட் அதை நின்றபடியே படித்தார். தாமதத்தைச் சரிசெய்யக் கூடுதலாக ஓர் ஆளைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் பன்னைப் பற்றித் தான் நினைத்தது சரியாகிவிட்டது என்றார். அடுத்த வாரத்தோடு தாயம்மாவை நிறுத்திவிடப் போவதாகச் சொன்னார். உள்ளே தாயம்மா தட்டுகளைக் கழுவும் சத்தம் கேட்டது. குடிசைகளை அகற்றியபோது அரசாங்கம் அவளை ஊருக்கு வெளியே கண்ணகி நகருக்குக் குடி மாற்றியிருந்தது. அங்கிருந்து விடியுமுன் பஸ் பிடித்து வருகிறவள்.

ஷெல்டன் லிசாவைப் பார்க்காமல் கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“அத்தான், நான் எழுதினது தப்பு,” என்று லாய்டிடம் சொன்னாள் லிசா. “பன் காய்ஞ்சிருந்துச்சுன்னு சொன்னது ஒருத்தங்கதான். மூணு தடவை அனுப்பியிருக்காங்க. சாயங்காலம் மிஞ்சுற பன்னை மூடி வைக்கச் சொல்றாங்க, அவ்வளவுதான். பன்னைப் பாராட்டினவங்கதான் நிறைய.”

“அப்போ குறைன்னு நிறைய வந்தது என்ன? தாமதமா?”

தாமதம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. லிசா மீன்காரம்மாவின் பதிவை ஓடவிட்டு போனை மேஜையில் வைத்தாள். அது முடிந்ததும் வாத்தியாருடையது. கல்லூரிப் பெண்ணுடையது பாதியில் ஓடும்போது லாய்ட் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். ஷெல்டனின் துணி கண்ணாடியில் ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

தாயம்மாவை நிறுத்தும் பேச்சு அன்றோடு போயிற்று. ஷெல்டன் ஸ்கூட்டரில் டெலிவரிக்குப் போகத் தொடங்கினான். கவுண்டரில் யார் நிற்பது என்று லாய்ட் யோசிக்கவே இல்லை. உண்மை பேசுகிறவள் நிற்கட்டும் என்று லிசாவை நிறுத்தினார். டியூஷன் பிள்ளைகள் வேறு இடம் தேடிக்கொண்டார்கள். மாடியில் ஷெல்டன் சாப்பிட வருவான், சாப்பிடுவான், தட்டைக் கழுவிக் கவிழ்ப்பான். ஒரு வார்த்தை பேச மாட்டான். தனியாகப் போய்விடலாமா என்று அவள் ஒருநாள் கேட்டபோது தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். போவதற்கு இடமும் இல்லை.

நாள் முழுக்க நின்றதில் அவளுக்குக் கால் வீங்கியது. யாராவது சில்லறைக்கு அவசரப்படுத்தினால் முகம் தானாகச் சுருங்குவதை அலமாரிக் கண்ணாடியில் பார்த்தாள். உடனே சிரித்துவைப்பாள்.

அடுத்த மாதக் கடைசியில் லாய்ட் கடை போனை எடுத்தார். கவுண்டரில் இருப்பவரே தன்னைப் பற்றிய பதிவுகளைச் சுருக்கினால் சரிவராது என்றார்.

ஷெல்டன் கை நீட்டினான்.

“குடு, நான் எழுதுறேன்.”

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவள் முகம் தெரியும்படி கவுண்டருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். முதல் பதிவை ஓடவிட்டான். பிறகு பேனாவைத் திறந்தான். லிசா அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்து, என்ன வேண்டும் என்று கேட்டாள்.