தலையோடு ஒரு கிண்ணம்

நெத்திலிக் கருவாட்டுத் தொக்குக்கு ஏசி அறையில் வைத்துத் தீர்ப்புச் சொல்வது, கழுதைக்குக் கல்யாண மண்டபம் பிடிப்பது போலத்தான். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த அந்த இரும்பு ஆலையில் கேன்டீன் கமிட்டி அங்கேதான் கூடும். மூன்று பேர் ருசி பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். சராசரி ஏழு வந்தால்தான் புது அயிட்டம் மெனுவில் ஏறும். பொருள் செலவு தட்டுக்குப் பன்னிரண்டு ரூபாயைத் தாண்டவும் கூடாது.

கேன்டீன் சமையல் பொறுப்பாளன் ஸ்டீவன் கொண்டுவந்த மூன்று அயிட்டங்கள் ஏற்கெனவே அந்த அறையில் செத்திருந்தன. மூன்றுமே அசைவம். காரணம், கமிட்டித் தலைவர் ஜனார்தனன். ஹெச்.ஆர். மேனேஜர். திருவள்ளூர்க் கோயில் கைங்கரியக் குடும்பம். அசைவம் எது வந்தாலும் தொடமாட்டார், நடுநிலை என்று சொல்லி ஐந்து போடுவார். அந்த ஐந்தில் கோழியும் விழுந்தது, முட்டையும் விழுந்தது.

கான்ட்ராக்டர் அந்தோணி காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்: "இதுவும் பூட்ச்சுன்னா நாளைக்கே காட்டுப்பள்ளி சைட்டுக்குக் கெளம்பு. அங்க டீ ஊத்த ஆள் இல்ல."

ஸ்டீவன் இரண்டு விதமாகச் செய்து, ஆளுக்கு இரண்டு கிண்ணமாகப் பிரித்திருந்தான். ஒன்றாம் கிண்ணத்தில் தலை கிள்ளிச் சுத்தம் செய்த நெத்திலி. இரண்டாவதில் தலையோடு. மதியச் சாப்பாடு எந்த நிலையில் தட்டுக்கு வருமோ அதே நிலையில் இருக்கட்டும் என்று இரண்டையும் ஹாட் பாக்ஸில் ஒரு மணி நேரம் வைத்திருந்தான். முன்பெல்லாம் வீட்டில் ருசி பார்ப்பது மனைவி ஸ்நேகாவின் வேலை. பிடிக்கவில்லை என்றால் "தூ" என்பாள். அதைவிட நேர்மையான மதிப்பெண்ணை அவன் பார்த்ததில்லை. அவள் போய் ஒரு வருஷம். இப்போது அவன் நாக்கை அவனே நம்புவதில்லை.

யூனியன் செயலாளர் ஜெகன் மூக்கைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். "இன்னா ஸ்டீவன், பழவேற்காட்டையே தூக்கினு வந்துட்டியா?"

"சோத்துல பெசஞ்சி துன்னு பாருங்கண்ணா. நடுவுல தண்ணி குடிச்சிக்கோங்க."

அக்கவுன்ட்ஸ் நர்மதா ஸ்பூனால் தொடங்கிக் கையால் முடித்தாள். ஜனார்தனன் மேஜையின் மறுகோடியில், கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, ஏதோ பிரேதப் பரிசோதனைக்கு வந்தவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணாவது எட்டு," என்றார் ஜெகன். "டீசன்ட்டா கீது. ரெண்டாவது ஆறு. எங்க ஆளுங்களுக்குத் தலையும் முள்ளுமா போட்டா மரியாத இல்ல சார்."

"எனக்கும் ஒன்றாவதுக்கு எட்டு. இரண்டாவதுக்கு அஞ்சு. ஸ்மெல் ஜாஸ்தி," என்றாள் நர்மதா. பிறகு செலவுக் கணக்கைத் திருப்பினாள். "கருவாடு கிலோ நானூறு. தலை கிள்ளினா எழுநூறு கிராம்தான் தேறுது. தட்டுக்குப் பதினஞ்சு கிராம்னா கருவாடே எட்டரை ரூபாய் ஆயிடுது. வெங்காயம், தக்காளி, எண்ணெய், புளி அஞ்சு. மொத்தம் பதிமூணரை. ஒன்றாவது அவுட்."

"தலையோட போட்டா?" என்றான் ஸ்டீவன்.

"கருவாடு ஆறு. மொத்தம் பதினொண்ணு. ஆனா மார்க் இல்லையே."

ருசியானதுக்குக் காசில்லை. காசுக்கு அடங்கியதுக்கு ருசியில்லை. காட்டுப்பள்ளியில் டீ எந்த நேரத்துக்கு ஊற்றுவார்கள் என்று ஸ்டீவன் யோசித்தான். வழக்கமான ஐந்தை எதிர்பார்த்து ஜனார்தனனைப் பார்த்தான்.

ஜனார்தனன் எழுந்தார். மூக்கைப் பொத்தியபடியே வந்து கிண்ணங்களுக்கு மேல் குனிந்தார்.

"ஜெகன், ஒன்றாம் கிண்ணத்துல பாதி மிச்சம் இருக்கே?"

"வயிறு ரொம்பிட்ச்சி சார்."

"ரொம்பின வயித்துல ரெண்டாவது எப்படி எறங்கித்து? தொடச்சு வச்சிருக்கேளே. நர்மதா, உங்களதும் அப்படித்தான். முள்ளுகூட இல்லை."

ஜெகன் விரலைச் சட்டென்று மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டார். நர்மதா கணக்குத் தாளில் எதையோ தேடினாள்.

"எனக்கு நாக்கு வேலை இல்லை. கண்ணு இருக்கு," என்றார் ஜனார்தனன். "வாய் மரியாதைக்குப் பேசறது. கிண்ணம் பொய் பேசாது. இரண்டாவதுக்குப் பத்து."

"சார், நீங்க சாப்பிடவே இல்லையே!" என்றாள் நர்மதா.

"இத்தனை நாள் சாப்பிடாம அஞ்சு போட்டேன். அப்போ யாரும் கேக்கலையே?"

நர்மதா கூட்டினாள். ஆறு, ஐந்து, பத்து. இருபத்தொன்று. மூன்றால் வகுத்தாள். மறுபடி வகுத்தாள். ஏழுதான் வந்தது.

"அய்யருக்கே கருவாட்டுல பத்து மார்க்!" என்று ஜெகன் தொடையில் தட்டினார்.

"ஐயங்கார்," என்றார் ஜனார்தனன். "ஸ்டீவன், வியாழக்கிழமை அம்பது தட்டு மட்டும் போடு. கொட்டற தொட்டியில எவ்வளவு விழறதுன்னு எடை போட்டுச் சொல்லு. அப்புறம் மெனு. அன்னைக்கு நான் லீவு." கையெழுத்துப் போட்டார். எதையும் தொடாத கையைச் சோப்புப் போட்டுக் கழுவப் போனார்.

அறை காலியானது. ஸ்டீவன் கிண்ணங்களை அடுக்கினான். ஜெகனின் ஒன்றாம் கிண்ணத்தின் மிச்சத்தில் ஒரு வாய் எடுத்துப் போட்டான். மென்றான்.

"தூ," என்றான், சத்தமாகவே.