இருபத்தொரு நாள் குறைவு

அலுவலகம் என்றால் அக்காவுக்குப் பயம் கிடையாது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதினொரு வருடமாகத் தட்டச்சு வேலை. எந்த மேசையில் காகிதம் தூங்கும், எந்த மேசையில் நகரும் என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால்தான் தம்பியின் கடல் நாட்களில் இருபத்தொன்று குறைகிறது என்று கடிதம் வந்தபோது, வீட்டில் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாலும், அவள் மட்டும் கடிதத்தை இரண்டாம் முறை நிதானமாகப் படித்தாள்.

தம்பி கப்பலில் மேல்தளப் பயிற்சியாளன். கேடட் என்பார்கள். பன்னிரண்டு மாதம் கடலில் வேலை செய்து, அதில் குறைந்தது ஆறு மாதம் கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் அதிகாரியோடு நின்று காவல் பார்த்து, பயிற்சிப் பதிவேட்டில் கேப்டன் கையெழுத்து வாங்கிவிட்டால் அதிகாரித் தேர்வு எழுதலாம். தேறினால் தகுதிச் சான்றிதழ். அதற்குப் பிறகு அவன் கேடட் இல்லை, மூன்றாம் அதிகாரி. இரண்டு கப்பலில் மொத்தம் முந்நூற்றுத் தொண்ணூறு நாள் போட்டுவிட்டான். கப்பலில் ஏறிய தேதியும் இறங்கிய தேதியும் கடல் சேவைப் புத்தகத்தில் முத்திரையோடு இருந்தன.

இரண்டாவது கப்பலில் இருந்துதான் அவனை நடுவழியில் இறக்கினார்கள். இருமலில் ரத்தம். ஊர் பெயர் தெரியாத துறைமுகத்து மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துக் காசநோய் என்றார்கள். ஆறு மாத மாத்திரை. வீட்டுக்கு வந்தபோது சட்டை அவன்மேல் தொங்கியது. மாத்திரைப் பொட்டலத்துக்கு அக்காதான் பொறுப்பேற்றாள். தினமும் காலையில் கையில் வைத்து, அவன் விழுங்கும்வரை எதிரே நிற்பாள்.

"நான் என்ன குழந்தையாக்கா?"

"குழந்தையா இருந்தா மூக்கைப் பிடிச்சு ஊத்தியிருப்பேன். விழுங்கு."

மாத்திரை வாங்கிய முதல் நாளே நர்ஸ் சொல்லியிருந்தாள்: "இதுல ஒண்ணு கண்ணைத் தொடலாம். பார்வை மங்கினாலோ, நிறம் வெளுத்துத் தெரிஞ்சாலோ அன்னிக்கே வந்துடணும்." இருவரும் தலையாட்டினார்கள்.

மூன்றாம் மாதம் அந்தக் கடிதம் வந்தது. தேர்வுக்கு முன்கூட்டியே அவன் அனுப்பிய ஆவணங்களைத் தேர்வு அலுவலகத்தில் பார்த்துவிட்டு, முதல் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற நாற்பத்தாறு நாளைக் கழித்திருந்தார்கள். கப்பல் ஓய்வில் நிறுத்தப்பட்டிருந்த காலம் கடல் சேவையில் சேராது என்று ஒரு வரி. முந்நூற்று நாற்பத்து நான்கு நாள்தான் மிச்சம்; பன்னிரண்டு மாதக் கணக்குக்கு இருபத்தொன்று குறைவு.

"ஓய்வா? நங்கூரத்துல நின்னப்ப நீ என்ன பண்ணின?" என்று அக்கா கேட்டாள்.

"நாலு மணி நேரம் பிரிட்ஜ்ல காவல், எட்டு மணி நேரம் இடைவெளி. கப்பல் நங்கூரத்தோட நகருதான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். இன்ஜினும் தயாராத்தான் இருந்துச்சு. சரக்குக்குக் காத்துக்கிட்டு இருந்தோம், அவ்வளவுதான்."

"அப்ப அது எப்படி ஓய்வு?"

"விடுக்கா. உடம்பு சரியானதும் இன்னொரு கப்பல்ல ஏறி இருபத்தொரு நாளைப் போட்டுடறேன்."

அவள் விடவில்லை. அன்றே கப்பலுக்கு ஆளனுப்பும் நிறுவனத்துக்குப் போனாள். ஆவணப் பிரிவில் இருந்தவர் முகம் தெரியாத அளவுக்குக் கோப்புகளுக்குப் பின்னால் இருந்தார். அவள் கேட்டது இரண்டே இரண்டு: அந்த நாற்பத்தாறு நாளின் கப்பல் நாட்குறிப்புப் பக்கங்களின் நகல், கேப்டனிடமிருந்து ஒரு கடிதம்.

"கேப்டன் இப்ப வேற கடல்ல இருக்கார்மா."

"மின்னஞ்சல் கடல் தாண்டும் சார்."

கோப்புக்காரர் முதல் முறையாக எட்டிப் பார்த்தார். சிரித்தார்.

ஏழு வாரம் அலைந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய், வரிசையில் நின்று, நாளை வாருங்கள் என்பதைக் கேட்டுவிட்டுத் திரும்புவாள். நாட்குறிப்பு நகல் வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நங்கூரக் காவல் பதிவு, காவல் பார்த்தவர் கையெழுத்து. கேப்டன் நாலு வரி எழுதியிருந்தார். தேர்வு அலுவலகத்து அதிகாரி அதையெல்லாம் புரட்டிப் பார்த்து, "இது நிறுத்திவைத்த கப்பல் இல்லை, வேலையில் இருந்த கப்பல்தான்" என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நாற்பத்தாறும் திரும்பி வந்தது. ஒரு நாளும் குறையவில்லை.

அன்று வீட்டுப் படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். தம்பி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

"முந்நூத்தித் தொண்ணூறு! எண்ணிக்கோ!" என்று காகிதத்தை அவன் மடியில் போட்டாள்.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்லதுக்கா" என்றான். அவ்வளவுதான்.

ஏழு வாரம் செருப்புத் தேய அலைந்தவளுக்குச் சுருக்கென்றது. நோய் கண்ட உடம்பு, மனசும் சோர்ந்திருக்கும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மாத்திரை முடிந்தது. நெஞ்சு மருத்துவர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். ஆனால் அந்தக் காகிதம் கப்பலுக்கு ஆகாது. கப்பல் துறை அங்கீகரித்த மருத்துவர் பார்த்துத் தகுதிச் சான்று தர வேண்டும். பழைய மருத்துவச் சான்றில் தேதி பாக்கி இருந்தாலும், இப்படி ஒரு நோய்க்குப் பிறகு அது செல்லாது. தேர்வு எழுதித் தேறினாலும், மருத்துவச் சான்று இல்லாமல் அதிகாரிச் சான்றிதழ் கைக்கு வராது.

மருத்துவர் நடுவயதுப் பெண். தராசு, ரத்த அழுத்தம், காது, மூச்சு எல்லாம் சரியாகப் போயிற்று. அக்கா வெளியே பெஞ்சில் இருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தின வரிவரை வாசித்துவிட்டான். அடுத்து நிறப் புள்ளிப் புத்தகம். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும்.

"பன்னிரண்டு" என்றான்.

பக்கம் புரளும் சத்தம் கேட்டது. அவன் குரல் கேட்கவில்லை. இன்னொரு பக்கம். இன்னொன்று.

"என்ன தெரியுது தம்பி?" என்று மருத்துவர் கேட்டாள்.

"புள்ளி தெரியுது."

அக்கா எழுந்து நின்றாள்.

பக்கத்து இருட்டறைக்கு அவனைக் கூட்டிப் போனார்கள். தொலைவில் ஊசிமுனை அளவு விளக்கு இரண்டு இரண்டாக எரியும். நிறத்தைச் சொல்ல வேண்டும். சிவப்பு, பச்சை, வெள்ளை, மூன்றே மூன்று. இருட்டில் எதிரே வரும் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. அதை வைத்துத்தான் அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்து ஒதுங்குவார்கள். முதல் கப்பலிலிருந்து வந்த விடுமுறையில் தம்பியே இதை அவளுக்குச் சாப்பாட்டு மேசையில் இரண்டு தம்ளரை நகர்த்தி விளக்கியிருந்தான்.

மருத்துவர் அக்காவை உள்ளே கூப்பிட்டாள்.

"பச்சையை வெள்ளைங்கிறார். சிவப்பையும் ரெண்டு தடவை தவறவிட்டார். பழைய சான்றுல நிறப் பார்வை சுத்தமா இருக்கு. இது பிறவிக் குறை இல்ல. மாத்திரையோட வேலை."

"கண்ணாடி போட்டா?"

"கண்ணாடிக்குக் கட்டுப்படாதும்மா. நரம்பு. மாத்திரையை நிறுத்தினதும் சிலருக்குத் திரும்பும், சிலருக்குப் பாதி திரும்பும். இப்போதைக்குத் தகுதியில்லைன்னு எழுதறேன். ஆறு மாசம் கழிச்சு வாங்க."

"வேற மருந்து?"

மருத்துவர் இல்லை என்று தலையசைத்தாள்.

வெளியே நடைபாதையில் தம்பி சுவரோடு சாய்ந்து நின்றான். அக்கா கேட்கும் முன் அவனே சொன்னான்.

"நாலாம் மாசமே தெரியும்க்கா. உன் சிவப்புப் புடவை மண் நிறமா தெரிஞ்சுது."

"நாலாம் மாசமா?" அவள் அவன் பக்கம் திரும்பினாள். "தினம் காலையில உன் எதிர்ல நின்னேனேடா. ஒரு வார்த்தை?"

"சொன்னா மாத்திரையை மாத்துவாங்க, இன்னும் பல மாசம் இழுக்கும்னு நினைச்சேன். கண்ணுன்னு ஃபைல்ல ஏறிட்டா அப்புறம் போகாது. முடிஞ்சதும் தானா சரியாயிடும்னு இருந்தேன். நீ வேற அந்த நாற்பத்தாறு நாளுக்காக அலைஞ்சுக்கிட்டிருந்த. எப்படிச் சொல்றது?"

அவனை அறைய வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் அவன் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். ஒவ்வொரு மாத்திரையையும் தன் கையாலேயே கொடுத்த நினைப்பு அன்றிலிருந்து அவளை விடவில்லை.

அந்த ஆறு மாதமும் அவள் கையில் செய்வதற்கு ஒன்றுமில்லை. மனு எழுதலாமா என்று விசாரித்தாள். மேல்முறையீட்டு மருத்துவக் குழு உண்டு; ஆனால் அவர்களும் அதே இருட்டறையில் அதே விளக்கைத்தான் காட்டுவார்கள். அந்த விளக்கிடம் எந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது? அம்மா தினமும் காய்கறியை எடுத்துவைத்து, "இது என்ன நிறம் சொல்லு" என்று கேட்க ஆரம்பித்தாள். நாலாம் நாள் தம்பி கத்தினான். பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டாள்; தக்காளியை மட்டும் அவன் கண்ணில் படும்படி வைப்பாள்.

ஆறு மாதம் கழித்துச் சிவப்பு திரும்பிவிட்டது. முழுவதும் சரியாகச் சொன்னான். பச்சையும் வெள்ளையும் மட்டும் கலந்தே இருந்தன. மேல்முறையீட்டுக் குழுவிலும் அப்படியே. மூன்று மருத்துவர்கள், மூவரும் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். இதற்கு மேல் தேறுவது சந்தேகம் என்றார்கள். காகிதத்தில் வந்தது ஒரு வரி: உடல் தகுதி உண்டு, காவல் பணிக்குத் தகுதி இல்லை.

காவல் பார்க்க முடியாதவன் பிரிட்ஜ் அதிகாரி ஆக முடியாது. முந்நூற்றுத் தொண்ணூறு நாளும் பிசகில்லாமல் இருக்க, தேர்வுக் கதவு சாத்திக்கொண்டது.

ஒரு வாரம் கழித்து, ஒரு காலையில் தம்பி குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு, "கூட வர்றியா?" என்றான். நிறுவனத்துக்குப் போனார்கள். கப்பல் சமையற்பகுதிக்கு நிறப் பார்வை வேண்டாமாம். உணவுக்கூட உதவியாள் வேலை காலியாக இருந்தது.

"அதிகாரிங்களுக்குத் தட்டு வைக்கணும், எடுக்கணும், பாத்திரம், தரை" என்று கோப்புக்காரர் மெதுவாகச் சொன்னார். "இந்த நாளெல்லாம் மேல்தளச் சேவையில சேராது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"கரையிலயே ஏதாவது பாரேன்டா" என்றாள் அக்கா. "நான் கேட்டுப் பார்க்கறேன். எங்க ஆபீஸ்லயே..."

"கரையில இருந்தா இதையே நினைச்சுக்கிட்டிருப்பேன்க்கா."

"அங்க போனா மட்டும் நினைக்க மாட்டியா?"

அவன் ஒப்பந்தத்தை இழுத்து, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். கோப்புக்காரர் நகலை எடுத்து, வழக்கம்போல, சரிபார்க்கச் சொல்லி அக்காவிடம் நீட்டினார். பெயர், பிறந்த தேதி, புத்தக எண், பதவி. பழக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஒரு பிழைகூட இல்லை.

"எல்லாம் சரியா இருக்கு சார்" என்று திருப்பிக் கொடுத்தாள்.